கடைசி அட்டவணையில் தொடங்கும் வேலை: மருந்து ஆய்வின் படிவம் எப்படி உருவாகிறது?

2020 ஜூன் 16-ஆம் தேதி பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வுக் குழு ஒரு செய்தியை வெளியிட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டெக்சாமெதசோன் என்ற பழைய, விலை மலிவான மருந்து உயிர் காக்கிறது என்பதுதான் அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 28 நாள்களுக்குள் நூற்றுக்கு 41 பேர் இறந்திருந்தார்கள். இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 29 ஆகக் குறைந்திருந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26 என்பது 23 ஆனது. சுவாச உதவியே தேவைப்படாதவர்களிடமோ பலன் எதுவும் தெரியவில்லை. மருந்து பெற்றவர்களில் இறப்பு 18, பெறாதவர்களில் 14 என்று சற்றே கூடுதலாகக்கூடத் தெரிந்தது.

எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது 25.7 சதவீதம் 22.9 ஆனது என்ற ஒற்றைச் செய்திதான். அதை மட்டும் நம்பியிருந்தால் லேசான காய்ச்சலோடு வந்தவர்களுக்கும் இந்த மருந்து போயிருக்கும். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், நோயாளி ஆய்வில் சேரும் நேரத்திலேயே இணையப் படிவத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி: இவருக்கு இப்போது என்ன அளவில் சுவாச உதவி தரப்படுகிறது? இதைப் பிறகு கேட்டுப் பயனில்லை. மருந்து தொடங்கிய பின் ஒருவர் வென்டிலேட்டருக்குப் போனார் என்றால், அது நோயின் போக்கா மருந்தின் விளைவா என்று யாராலும் பிரிக்க முடியாது.

இப்படி ஒரு மருந்து ஆய்வில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டிய எல்லாவற்றையும் தாங்கும் தாள்களுக்கு, அல்லது கணினித் திரைகளுக்கு, கேஸ் ரிப்போர்ட் ஃபார்ம் என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக 'சிஆர்எஃப்' என்பார்கள். ஆய்வை எப்படி நடத்துவது என்று விரித்துச் சொல்லும் மூல ஆவணம் புரோட்டோகால். மருத்துவர்கள் எழுதும் புரோட்டோகால் பத்திகளாக ஓடும். அதைச் செவிலியரும் ஒருங்கிணைப்பாளரும் நிரப்பக்கூடிய கட்டங்களாக மாற்றுவது தனி வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரி ஆய்வை வைத்துப் பார்க்கலாம்.

ஆறு வரிக் குறிப்பு

விளக்கத்துக்காக உருவாக்கிய ஆய்வு இது. ரத்த அழுத்தத்துக்கான புதிய மாத்திரை ஒன்றை, ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள அம்லோடிபின் மாத்திரையோடு ஒப்பிட வேண்டும். புரோட்டோகாலில் இருந்து எடுத்த குறிப்பு இப்படி இருக்கிறது:

சேர்பவர்கள் 30 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். மேல் அழுத்தம் 140 முதல் 179 வரை. தகுதிப் பரிசோதனை, சேர்வதற்கு முந்தைய 14 நாள்களுக்குள். பிறகு குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து மாத்திரை தரப்படும். 2, 4, 8, 12 வாரங்களில் திரும்ப வர வேண்டும், மூன்று நாள் முன்பின் இருக்கலாம். முதன்மை முடிவு: 12-ஆம் வாரத்தில் அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தவர்கள் எத்தனை சதவீதம். அழுத்தம் என்றால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின் எடுக்கும் மூன்று அளவுகளில் கடைசி இரண்டின் சராசரி. பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டும் தகுதிப் பரிசோதனையிலும் 4, 12 வாரங்களிலும். உடல் தொந்தரவுகள் ஒவ்வொரு வருகையிலும் கேட்கப்படும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் பெயர், வயது, முகவரி என்று கட்டம் போட உட்கார்ந்துவிடுவது புதியவர்களின் வழக்கம். அனுபவம் உள்ளவர்கள் மறுமுனையில் தொடங்குவார்கள். ஆய்வு முடிந்ததும் வெளிவரப்போகும் கட்டுரையில் என்னென்ன அட்டவணைகள் இருக்கும் என்று புள்ளியியலாளரோடு உட்கார்ந்து வெற்று அட்டவணைகளை வரைவார்கள். தலைப்பும் வரிசைகளும் இருக்கும், எண்கள் இருக்காது. பிறகு ஒவ்வொரு காலி இடத்தையும் தொட்டு, இந்த எண் எந்தக் கட்டத்தில் இருந்து வரும், எந்த நாளில் எழுதப்படும் என்று பின்னோக்கிப் போவார்கள். 'அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள்' என்ற வரிசைக்கு 12-ஆம் வார அளவுகள் வேண்டும். 'எத்தனை புள்ளி குறைந்தது' என்ற வரிசை இருந்தால் மாத்திரை தொடங்கிய நாளின் அளவும் வேண்டும். கால் வீக்கம் வந்தவர்கள் என்ற வரிசைக்கு, அது மாத்திரைக்கு முன்பே இருந்ததா என்று தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் பேர்போன பக்கவிளைவு.

இந்த வழக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான உதாரணம் உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், பிற்காலத்தில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த முதல் பெரிய ஆய்வு, காசநோயாளிகளைச் சானடோரியத்தில் ஒரு வருடம் வைத்து மருந்து தருவதையும், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட வைப்பதையும் ஒப்பிட்டது. நோயாளி குணமானாரா என்பது ஒரு கேள்வி. அன்றைய மருத்துவர்களை உண்மையில் உறுத்திய கேள்வி இன்னொன்று: வீட்டிலேயே இருக்கும் நோயாளியால் மனைவி மக்களுக்கு நோய் பரவாதா? இதற்குப் பதில் நோயாளியின் படிவத்தில் கிடைக்காது. எனவே ஒரே வீட்டில் வசித்தவர்களையும் தொடக்கத்தில் இருந்தே பதிவு செய்து தொடர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களை ஐந்து ஆண்டு கவனித்ததன் முடிவு, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1966-ல் வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. மருந்து எதுவும் சாப்பிடாதவர்களுக்காகவும் ஒரு பதிவு தொடங்க வேண்டும் என்று 1956-லேயே தோன்றியிருக்காவிட்டால், இந்தப் பதில் கிடைத்திருக்காது.

நாள்களை எண்ணுவது

அடுத்தது வருகை அட்டவணை. இடப்பக்கம் செய்ய வேண்டிய வேலைகள், மேலே வருகைகள். மாதிரி ஆய்வுக்கு அது இப்படி அமையும்:

| வேலை | தகுதிப் பரிசோதனை | தொடக்கம் | 2 வாரம் | 4 வாரம் | 8 வாரம் | 12 வாரம் |
|---|---|---|---|---|---|---|
| ஒப்புதல், தகுதி | ✓ | | | | | |
| ரத்த அழுத்தம் | ✓ | ✓ | ✓ | ✓ | ✓ | ✓ |
| ரத்தப் பரிசோதனை | ✓ | | | ✓ | | ✓ |
| குலுக்கல் | | ✓ | | | | |
| மாத்திரை தருதல் | | ✓ | ✓ | ✓ | ✓ | |
| மீதி மாத்திரை எண்ணுதல் | | | ✓ | ✓ | ✓ | ✓ |
| தொந்தரவுகள், பிற மருந்துகள் | ✓ | ✓ | ✓ | ✓ | ✓ | ✓ |

பார்க்க எளிதாக இருக்கும் இந்த அட்டவணைதான் குறிப்பில் ஒளிந்திருக்கும் ஓட்டைகளை வெளியே கொண்டுவருகிறது. '4-ஆம் வாரம்' என்றால் எந்த நாள்? குலுக்கல் நடந்த நாளைச் சில புரோட்டோகால்கள் பூஜ்யம் என்று எண்ணும், சில ஒன்று என்று எண்ணும். பூஜ்யம் என்றால் நான்காவது வாரம் 28-ஆம் நாள். ஒன்று என்றால் 29-ஆம் நாள். எண்ணும் முறையைச் சொல்லாமல் 'நாள் 28' என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு மருத்துவமனை ஒரு நாளும் இன்னொன்று மறுநாளும் நோயாளியை வரச்சொல்லும்.

ஒருவர் 2025 ஜனவரி 6, திங்கட்கிழமை சேர்ந்தார் என்று வைத்துக்கொண்டால், அவர் வர வேண்டிய நாள்கள் ஜனவரி 20, பிப்ரவரி 3, மார்ச் 3, மார்ச் 31. எல்லாம் திங்கட்கிழமைகள். சேர்ந்த நாளை ஒன்று என்று எண்ணிக்கொண்டு 'நாள் 28' என்று படித்தவர் பிப்ரவரி 2-ஐக் குறித்துக்கொடுப்பார். அது ஞாயிற்றுக்கிழமை, புறநோயாளிப் பிரிவு பூட்டியிருக்கும்.

மூன்று நாள் சலுகையை எங்கிருந்து கணக்கிடுவது என்பது இதைவிடப் பெரிய சிக்கல். சேர்ந்த நாளில் இருந்து கணக்கிட்டால் ஒவ்வொரு வருகையும் தன் இடத்திலேயே நிற்கும். முந்தைய வருகையில் இருந்து கணக்கிட்டால் தாமதம் கூடிக்கொண்டே போகும். நான்கு முறையும் மூன்று மூன்று நாள் தாமதமாக வந்தவருக்கு, 12-ஆம் வார அழுத்தம் 12 நாள் தள்ளி அளக்கப்படும். ஒவ்வொரு வருகையும் தனித்தனியாகப் பார்த்தால் விதிக்குள்தான் இருக்கும், ஆனால் முடிவு சொல்ல வேண்டிய அளவு கிட்டத்தட்ட 14-ஆம் வாரத்துக்குப் போயிருக்கும். அதனால் படிவம் தயாரிப்பவர் 'எல்லா வருகைகளும் குலுக்கல் தேதியில் இருந்தே கணக்கிடப்படும்' என்ற ஒரு வரியைப் புரோட்டோகாலில் சேர்க்கச் சொல்லி ஆய்வாளரிடம் திரும்பிப் போவார். கணினிப் படிவத்தில் இந்தக் கணக்கை மென்பொருளே செய்துவிடும். பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரெட்கேப் மென்பொருளில் அது ஒரு வரி:

```
datediff([rand_date], [visit_date], "d", true)
```

கடைசியில் உள்ள `true` முக்கியம். அது இல்லாவிட்டால் மென்பொருள் இடைவெளியை மட்டும் சொல்லும், முன்னா பின்னா என்று சொல்லாது. குலுக்கலுக்கு ஐந்து நாள் முன்பு நடந்த வருகை என்று யாராவது தவறாகத் தேதி போட்டாலும் '5' என்றே காட்டும். `true` இருந்தால் '-5' என்று வரும், தவறு கண்ணில் படும்.

மாத்திரை எத்தனை கட்டிக்கொடுப்பது என்பதற்கும் இதே அட்டவணைதான் பதில். நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் நடுவே 28 நாள். ஆனால் ஒருவர் ஜனவரி 31-ல் சீக்கிரமாக வந்து, அடுத்த முறை மார்ச் 6-ல் தாமதமாக வந்தால் இடையில் 34 நாள். இரண்டு தேதிகளும் விதிக்கு உட்பட்டவைதான். 28 மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் அவர் ஆறு நாள் மாத்திரை இல்லாமல் இருந்துவிட்டு அழுத்தம் அளக்க வந்திருப்பார். அதனால் 35 கொடுக்க வேண்டும்.

அட்டவணையில் இடமில்லாத இரண்டு பக்கங்களும் உண்டு. குறிப்பிட்ட நாளில் இல்லாமல் தலைசுற்றல் என்று இடையில் வருபவருக்கு ஒரு பக்கம். ஆய்வை விட்டு நடுவில் விலகுபவருக்கு, ஏன் விலகினார், கடைசியாக எப்போது மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்கும் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கம் இல்லாத ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் போனவரும் வேலை மாறி வேறு ஊருக்குப் போனவரும் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் தெரிவார்கள்.

ஒரு பக்கம், அருகில் இருந்து

இனி கட்டங்கள். மாதிரி ஆய்வின் உயிர்நாடி ரத்த அழுத்தப் பக்கம்தான். புதியவர் அதில் ஒரே ஒரு கட்டம் போடுவார்: 'ரத்த அழுத்தம்: ____'. சிலர் 138/87 என்று எழுதுவார்கள், சிலர் 138-87 என்று எழுதுவார்கள், சிலர் 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவை எதையும் கணினி கூட்டிக் கழிக்காது.

சராசரியை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு நோயாளியை வைத்துப் பார்க்கலாம். 12-ஆம் வாரத்தில் அவருடைய மூன்று அளவுகள் 146/92, 139/88, 137/86. புரோட்டோகால் சொன்னபடி கடைசி இரண்டின் சராசரி 138/87, அதாவது அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. அவசரத்தில் செவிலியர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மேல் அழுத்தம் 140.7, அதாவது வரவில்லை. ஒரே மனிதர், ஒரே காலை வேளை, இரண்டு வேறு முடிவுகள். படிவத்தில் சராசரி மட்டும் இருந்தால் எந்தக் கணக்குப் போட்டார்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே மூன்று அளவுகளுக்கும் மேல், கீழ் என்று ஆறு தனிக் கட்டங்கள் போட்டு, சராசரியைக் கணினியிடம் விட்டுவிட வேண்டும். இதே காரணத்தால்தான் உடல் எடைக் குறியீட்டைக் கேட்காமல் உயரத்தையும் எடையையும் கேட்கிறார்கள். நாட்டின் விதிகளும் நெறிமுறைக் குழுவும் அனுமதிக்கும் இடங்களில் வயதுக்குப் பதில் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள்.

ஆறு கட்டங்களுக்கு மேலே சில சிறிய கேள்விகள் வரும். அளவு எடுக்கப்பட்டதா, ஆம் அல்லது இல்லை; இல்லை என்றால் காரணம். எந்தத் தேதி, எத்தனை மணி. எந்தக் கை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாரா. 'எடுக்கப்பட்டதா' என்ற முதல் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. காலிக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு, கருவி பழுதாகி அளக்கவில்லையா, அளந்து எழுத மறந்தார்களா என்று தெரியாது. ஒரு டிக் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். கையைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பலருக்கு இரு கைகளிலும் அழுத்தம் சற்று வேறுபடும். தொடக்கத்தில் வலது கையிலும் முடிவில் இடது கையிலும் அளந்தால், மாத்திரை செய்யாத மாற்றம் மாத்திரையின் கணக்கில் போய்ச் சேரும்.

தேதி எழுதும் முறை இன்னொரு பொறி. 03/04/2025 என்பது நம் ஊரில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. பல நாட்டு மருத்துவமனைகள் சேரும் ஆய்வில் இதற்குத் தீர்வு மாதத்தை எழுத்தில் கேட்பது: `03-APR-2025`. நாள் மறந்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் 'தெரியாது' என்று குறிக்க இடம் விட வேண்டும். 'சர்க்கரை வியாதி 2014 மார்ச்சில் வந்தது, தேதி ஞாபகமில்லை' என்று சொல்பவரிடம் முழுத் தேதியைக் கட்டாயப்படுத்தினால், யாரோ ஒருவர் மார்ச் 1 என்று போட்டுவிடுவார், பிறகு அது உண்மைத் தேதி போலவே ஆவணத்தில் இருந்துவிடும்.

கட்டங்களுக்குப் பெயர் வைப்பதிலும் ஒழுங்கு உண்டு. சிடிஸ்க் என்ற சர்வதேச அமைப்பு இதற்கென்றே 'சிடாஷ்' என்ற தரநிலையை வைத்திருக்கிறது. மேல் அழுத்தத்துக்கு `SYSBP`, கீழ் அழுத்தத்துக்கு `DIABP`, தொந்தரவு தொடங்கிய தேதிக்கு `AESTDAT` என்று அதில் பெயர்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பெயர் வைத்தால் இரண்டு ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்க்க வரும் ஆராய்ச்சியாளர், முதலில் எது எது என்று அடையாளம் காணவே நெடுநேரம் செலவிட வேண்டிவரும்.

கட்டத்துக்குள் எந்த எண்ணை ஏற்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். மேல் அழுத்தம் 1380 என்று யாராவது அழுத்தினால் திரை மறுக்கலாம். 60-க்குக் கீழோ 260-க்கு மேலோ வந்தால் 'சரிதானா?' என்று கேட்கலாம். ஆனால் 'ஆய்வில் சேர 140 முதல் 179 வரை' என்பதை எல்லா வருகைகளுக்கும் எல்லையாகப் போட்டுவிடக் கூடாது. ஆறாவது வாரத்தில் 196 என்று உண்மையாகவே ஏறிப்போன ஒருவர் எதிர்பாராமல் வந்து நிற்பார், படிவம் அந்த எண்ணை ஏற்காது. எது நடக்கக் கூடாதோ அதைத்தான் இந்த ஆய்வு முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்கள் வந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. தானியங்கிக் கருவியில் அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்க வேண்டும், அதாவது பத்தில் ஒன்றுதான் 0-வில் முடிய வேண்டும். ஒரு மருத்துவமனையின் அளவுகளில் பாதி 140, 130, 120 என்று முடிந்தால், அங்கே கருவியைப் பார்த்து எழுதாமல் கண்ணால் உருட்டி எழுதுகிறார்கள் என்று பொருள். 140 என்பதே வெற்றி தோல்வியின் எல்லைக்கோடாக இருக்கும் ஆய்வில் அந்த உருட்டல் முடிவையே மாற்றிவிடும்.

தொந்தரவுகளுக்கு ஒரே பேரேடு

பக்கவிளைவுகளை ஒவ்வொரு வருகைப் பக்கத்திலும் கேட்டு எழுதலாம் என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் வரும். ஒரு பெண்மணிக்குப் பிப்ரவரி 20-ல் கால் வீக்கம் தொடங்கி ஏப்ரல் வரை நீடிக்கிறது. எட்டாம் வாரப் பக்கத்தில் 'கால் வீக்கம்' என்று எழுதுவார்கள், பன்னிரண்டாம் வாரப் பக்கத்திலும் 'கால் வீக்கம்' என்று எழுதுவார்கள். கணினி இரண்டு நிகழ்வாக எண்ணும். அதனால் தொந்தரவுகளுக்கு வருகையோடு ஒட்டாத ஒரே பேரேடு வைக்கிறார்கள். ஒரு தொந்தரவுக்கு ஒரு வரி: என்ன, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது அல்லது இன்னும் தொடர்கிறதா, எவ்வளவு கடுமை, மாத்திரையால் வந்திருக்கலாமா, மாத்திரையை நிறுத்தினார்களா, இப்போது எப்படி இருக்கிறது. வருகைப் பக்கத்தில் 'புதிதாக ஏதாவது உண்டா?' என்ற கேள்வி மட்டும் இருக்கும். ஆம் என்றால் பேரேட்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். "போன தடவை வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் உடம்புக்குப் புதுசா ஏதாவது தொந்தரவு இருந்துச்சாங்க?" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு எண்ணிக்கை வரும். "கால் வீங்குச்சா? தலை சுத்துச்சா? இருமல் வந்துச்சா?" என்று பட்டியலிட்டுக் கேட்டால் அதைவிடப் பெரிய எண்ணிக்கை வரும். இரண்டுமே முறைதான். ஆனால் மதுரையில் பொதுவாகவும் கோவையில் பட்டியலாகவும் கேட்டால், மதுரை நோயாளிகளுக்குப் பக்கவிளைவு குறைவு என்ற இல்லாத உண்மை ஒன்று உருவாகிவிடும்.

பேரேட்டில் அடிக்கடி குழம்பும் இடம் 'கடுமை' என்பதும் 'தீவிர நிகழ்வு' என்பதும். கடுமை என்பது அந்த நேரத்தில் எவ்வளவு துன்பப்படுத்தியது என்ற அளவு. தீவிர நிகழ்வு என்பது சட்டத்தின் வகைப்பாடு: மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்த்தல் அல்லது தங்கும் காலம் நீளுதல், நிலையான ஊனம், பிறவிக் குறைபாடு போன்றவை. தாங்க முடியாத தலைவலி வந்து இரண்டு மணி நேரத்தில் போய்விட்டால் அது கடுமையானது, தீவிர நிகழ்வு அல்ல. லேசான மயக்கத்துக்காக ஒரு இரவு வார்டில் படுக்க வைத்தால் அது தீவிர நிகழ்வு. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, தீவிர நிகழ்வைத் தெரிந்துகொண்ட 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் உரிம அதிகாரிக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கேட்கும் படிவம், தகவல் தர வேண்டிய நிகழ்வைத் தவறவிடும், தேவையில்லாததற்கு ஓட வைக்கும்.

'பொருந்துவதை எல்லாம் டிக் செய்க' என்ற பட்டியலையும் இங்கே தவிர்க்கிறார்கள். சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரக நோய் என்ற பட்டியலில் ஆஸ்துமாவுக்கு எதிரே டிக் இல்லை என்றால், ஆஸ்துமா இல்லையா, கேட்கவே இல்லையா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று வட்டங்கள் போட்டால் இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், சந்தேகம் தீரும். தகுதி விதிகளுக்கும் இதே முறைதான். 'தகுதியானவரா? ஆம்' என்று ஒரே டிக்கில் முடிக்காமல், வயது, அழுத்தம், கர்ப்பம் இல்லை என்பது என்று ஒவ்வொரு விதிக்கும் தனிப் பதில் வாங்குகிறார்கள்.

மீதி மாத்திரைப் பக்கத்திலும் பூஜ்யத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பிப்ரவரி 3-ல் 35 கொடுத்து, மார்ச் 3-ல் 9 திரும்பி வந்தால், 28 நாளில் 26 சாப்பிட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். அது 93 சதவீதம். டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவருக்குச் செவிலியர் '0' என்று எழுதினால், கணினி 35 மாத்திரையும் உள்ளே போய்விட்டதாக நினைத்து 125 சதவீதம் என்று காட்டும். 'டப்பா கொண்டுவரவில்லை' என்ற ஒரு வட்டம் இருந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது.

வெட்ட வேண்டியவை

வரைவு முடிந்ததும் எல்லாக் கட்டங்களையும் வெற்று அட்டவணைகளோடு மறுபடி ஒத்துப்பார்க்கிறார்கள். எந்த அட்டவணைக்கும் போகாத, பாதுகாப்புக்கும் தேவைப்படாத கட்டம் நீக்கப்படும். 'இருக்கட்டும், பின்னால் உதவும்' என்று சேர்த்த கேள்விகள்தான் இதில் அதிகம் சிக்கும். ஒவ்வொரு கூடுதல் கட்டத்தையும் ஒருவர் நிரப்ப வேண்டும், இன்னொருவர் நோயாளியின் மருத்துவக் கோப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் கடிதப் போக்குவரத்து நடக்க வேண்டும். நிரப்புபவர் களைத்துப்போனால் முக்கியமான கட்டமும் அலட்சியமாகவே நிரம்பும். ரெக்கவரி ஆய்வில் தொடர்கண்காணிப்புக்கு ஒரே ஒரு இணையப் படிவம்தான். நோயாளி வீடு திரும்பும்போதோ, இறந்தாலோ, 28 நாள் முடிந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது நிரப்ப வேண்டும். நெருக்கடியில் தத்தளித்த பிரிட்டன் மருத்துவமனைகள் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்க்க முடிந்ததில் அந்தச் சுருக்கத்துக்குப் பங்கு உண்டு.

நோயாளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை படிவத்தில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆய்வு எண், மருத்துவமனை எண், நோயாளிக்குத் தரப்பட்ட எண், வருகையின் பெயர் மட்டும் இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் மருத்துவமனையிலேயே பூட்டி வைக்கப்படும்.

கடைசியாக, கற்பனை நோயாளிகளை வைத்து ஒத்திகை. ஒருவர் எல்லா வருகைகளுக்கும் சரியாக வருவார். ஒருவர் நான்காம் வாரம் வராமல் போவார். ஒருவர் ஆறாம் வாரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவார். ஒருவர் மூன்றாம் நாளே விலகிவிடுவார். படிவத்தை வரைந்தவர் இதை நிரப்பக் கூடாது. அவருக்கு எங்கே என்ன எழுத வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். நாளை உண்மையில் நிரப்பப்போகும் செவிலியரிடம் கொடுத்து, அவர் எங்கே பேனாவை நிறுத்தி யோசிக்கிறார் என்று பார்க்கிறார்கள். அவர் தயங்கிய இடங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதி, நிரப்பும் வழிகாட்டி ஒன்றும் படிவத்தோடு சேர்த்து அனுப்பப்படும்.

முதல் நோயாளி சேர்ந்த பிறகும் மாற்றம் வரலாம். மாதிரி ஆய்வில் நாற்பது பேர் சேர்ந்த பின், கால் வீக்கம் உள்ளவர்களிடம் கணுக்கால் சுற்றளவும் அளக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கிறார்கள் என்று கொள்ளலாம். புரோட்டோகால் திருத்தம் நெறிமுறைக் குழுவுக்குப் போகும். ஒப்புதல் வந்ததும் படிவத்தின் இரண்டாம் பதிப்பு, புதிய எண்ணும் தேதியும் தாங்கி எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே நாளில் அனுப்பப்படும். முதல் நாற்பது பேரின் பழைய வருகைகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். யாரும் நினைவில் இருந்து அதை நிரப்புவதில்லை. பகுப்பாய்வில் அந்த அளவுகள் 'இரண்டாம் பதிப்பில் இருந்து' என்ற குறிப்போடு தனியாக வைக்கப்படும்.